விளம்பரத்தில் பதினைந்து விஷயம், கடிதத்தில் ஒரே பக்கம்: எதற்கு அதிக இடம் கொடுப்பது?

நொய்யல்

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் நாலு வருஷமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆண்கள் டி-ஷர்ட்தான் எங்களுக்கு முக்கிய ஐட்டம். இப்போது வேறு ஒரு நிறுவனத்தின் சீனியர் மெர்ச்சண்டைசர் விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டுத் தமிழில் தருகிறேன்.

> ஐரோப்பிய பையர்களுக்குக் குழந்தைகள் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஆர்கானிக் காட்டன் ஆர்டர்கள் கூடிவருவதால் மெர்ச்சண்டைசிங் குழுவை விரிவாக்குகிறோம்.
>
> வேலை:
> 1. டெக் பேக் வந்தது முதல் ஷிப்மெண்ட் வரை ஆர்டரைப் பின்தொடர்வது
> 2. பையருடன் அன்றாட மின்னஞ்சல், வீடியோ கால்
> 3. ஃபிட், சைஸ் செட், பிபி சாம்பிள்களுக்கு ஒப்புதல் வாங்குவது
> 4. காஸ்டிங் தயாரிக்க உதவுவது
> 5. டிஎன்ஏ என்ற கால அட்டவணை போட்டு, வெளியே போகும் சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி வேலைகளைத் தேதிப்படி முடித்து வாங்குவது
> 6. தாமதம் வரும் என்று தெரிந்தால் பையருக்கும் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்து மாற்று வழி சொல்வது
> 7. ஜிஓடிஎஸ் ஆர்கானிக் சான்றுள்ள ஆர்டர்களுக்கு டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் ஆவணங்களைத் திரட்டுவது
>
> தகுதி: டிகிரி, டெக்ஸ்டைல் அல்லது ஃபேஷன் படிப்புக்கு முன்னுரிமை. நிட்ஸில் 5–7 ஆண்டு அனுபவம். நல்ல ஆங்கிலம். எக்செல், ஈஆர்பி. நெருக்கடியிலும் ஒரே சமயத்தில் பல ஸ்டைல்களின் தேதிகளைச் சமாளிக்கத் தெரிந்தவர். குழுவோடு ஒத்துழைப்பவர். குழந்தைகள் ஆடை அனுபவம் இருந்தால் நல்லது. உடனே சேரக்கூடியவருக்கு முன்னுரிமை.

நான் எழுதிய வரைவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கிறேன். படித்த தோழி, "பயோடேட்டாவையே வாக்கியமாக்கின மாதிரி இருக்கு" என்கிறாள். பாதியை வெட்டலாம் என்றால் எதை வெட்டுவது என்று தெரியவில்லை. கேட்டதைச் சொல்லாமல் விட்டால் தகுதி இல்லை என்று நினைத்துவிட மாட்டார்களா?

---

கீவேர்ட்_கார்த்தி

ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் எந்தச் சொல் அதிக முறை வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் அவர்களுக்கு முக்கியம். அந்தச் சொற்களை அப்படியே கடிதத்தில் போடுங்கள். இப்போதெல்லாம் மனிதர் படிப்பதற்கு முன் சாஃப்ட்வேர்தான் படிக்கிறது. ஒரு சொல் விடுபட்டாலும் வெளியே தள்ளிவிடும். அதனால் எதையும் வெட்டாதீர்கள்.

---

வாழைத்தோப்பு

ஐந்து வருஷம் கேட்கிறார்கள், உங்களுக்கு நாலுதான். விண்ணப்பிப்பதே வீண் என்று நினைக்கிறேன். வேறு விளம்பரம் பாருங்கள்.

---

நொய்யல்

விண்ணப்பிக்கலாமா என்பது என் கேள்வி இல்லை, அதை முடிவு செய்துவிட்டேன். எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

---

பனியன்காரர்

தங்கச்சி, நான் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக இருந்தவன். இந்த மாதிரிக் கடிதங்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. உங்கள் விளம்பரத்தை நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும் விஷயங்களை ஓரமாக வையுங்கள். டிகிரி, எக்செல், ஈஆர்பி, எத்தனை வருஷம், எப்போது சேரலாம் எல்லாம் அந்த வகை. இவை வாசல் மாதிரி. உங்களிடம் இருக்கிறதா என்று பயோடேட்டாவைப் பார்த்தாலே தெரியும். "எனக்கு எக்செல் நன்றாகத் தெரியும்" என்று கடிதத்தில் மூன்று வரி எழுதுவதால் யாரும் கூடுதலாக நம்பப்போவதில்லை. ஈஆர்பியில் எந்த மாட்யூல் ஓட்டினீர்கள் என்பதையும் பயோடேட்டாவிலேயே எழுதிவிடலாம். நீங்கள் பயந்ததற்கும் இதுதான் பதில். கடிதத்தில் விட்டது பயோடேட்டாவில் தெளிவாக இருந்தால், சொல்லாமல் விட்டதாக ஆகாது.

அடுத்து, மிச்சம் இருப்பதில் வினைச்சொற்களைப் பாருங்கள். காஸ்டிங்குக்கு என்ன போட்டிருக்கிறார்கள்? "உதவுவது." விலை போடுவது வேறு யாரோ. முதலாளியோ, மார்க்கெட்டிங் பார்ப்பவரோ கடைசி விலையைச் சொல்வார். நீங்கள் ஃபேப்ரிக் கன்சம்ப்ஷனும் டிரிம்ஸ் கணக்கும் எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் ஐந்தாவது வரியில் "முடித்து வாங்குவது", ஆறாவதில் "மாற்று வழி சொல்வது" என்று இருக்கிறது. அங்கே பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். உதவுகிற வேலைக்கு அரை வரி, பொறுப்பு ஏற்கிற வேலைக்கு ஒரு பத்தி. உங்கள் வரைவில் இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே கவலை வேறு வேறு உருவத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஐந்தாவது வரியில் "தேதிப்படி". ஆறாவதில் "தாமதம்". தகுதியில் "பல ஸ்டைல்களின் தேதிகள்". ஒரு விளம்பரத்தில் மூன்று இடத்தில் தேதி பற்றிப் பேசுகிறார்கள். ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயத்தில் ஒரு கலர் ஷேடு ஃபெயில் ஆகித் திரும்பப் போனால் பின்னால் இருக்கும் கட்டிங், பிரிண்டிங், தையல் எல்லாம் சரிகிறது. கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதி செய்பவர் தலையில்தான் விழும், இல்லையென்றால் பையர் டிஸ்கவுண்ட் கேட்பார். அந்த வலியைப் பட்டவர்தான், "முன்கூட்டியே தெரிவித்து மாற்று வழி சொல்வது" என்று எழுதுவார்.

கார்த்தி தம்பிக்கு: சொல்லை எண்ணினால் இது சிக்காது. "பையர்" என்ற சொல் அந்த விளம்பரத்தில் மூன்று முறை வருகிறது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை, மெர்ச்சண்டைசர் விளம்பரம் எல்லாவற்றிலும் அது இருக்கும். தாமதம் என்ற சொல் ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்தக் கவலை மூன்று இடத்தில் இருக்கிறது.

---

கீவேர்ட்_கார்த்தி

சரி அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் சாஃப்ட்வேர் வடிகட்டுவது பொய்யில்லையே? வேலைத் தளங்களில் ரெக்ரூட்டர்கள் சொல் போட்டுத்தான் தேடுகிறார்கள்.

---

சுமதி_எச்ஆர்

கன்சல்டன்சியில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்லலாம். கார்த்தி சொல்வது பயோடேட்டாவுக்குச் சரி. வேலைத் தளத்தில் ஆள் தேடும்போது "நிட்ஸ்", "மெர்ச்சண்டைசர்", "ஜிஓடிஎஸ்" என்றுதான் தட்டுவோம், அது ப்ரொஃபைலிலும் பயோடேட்டாவிலும் தேடும். அதனால் அந்தச் சொற்கள் எல்லாம் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். கடிதத்தை நாங்கள் அப்படித் தேடுவதில்லை. பயோடேட்டா தேறின பிறகுதான் கடிதத்தைப் பிரிப்போம், படிப்பதும் ஆள்தான்.

பனியன்காரர் சாருக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. விளம்பரம் எழுதுவது எப்படி நடக்கிறது தெரியுமா? போன முறை போட்ட விளம்பரத்தை எடுப்போம், தேதியை மாற்றுவோம், துறைத் தலைவருக்கு அனுப்பி "ஏதாவது சேர்க்கணுமா" என்று கேட்போம். அவர் அவசரத்தில் ஒன்றோ இரண்டோ வரி சேர்ப்பார். எனவே பல விளம்பரங்களில் முக்கால்வாசி பழைய சரக்கு. வினைச்சொல்லை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால், யாரோ எப்போதோ எழுதினதற்கு அர்த்தம் கற்பித்துக்கொண்டிருப்போம்.

நான் செய்யச் சொல்வது வேறு. அதே நிறுவனத்தின் வேறு விளம்பரங்கள் கிடைக்கிறதா என்று தேடுங்கள். குவாலிட்டி ஆள், புரொடக்‌ஷன் ஆள் எதற்காவது போட்டிருப்பார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் வரும் வரிகளை அடித்துவிடுங்கள். "குழுவோடு ஒத்துழைப்பவர்", "நல்ல ஆங்கிலம்" எல்லாம் அதில் போய்விடும். மிச்சம் இருப்பது இந்த வேலைக்காகவே எழுதினது. பெரும்பாலும் அது பட்டியலின் தலையில் இருக்காது, வாலில்தான் இருக்கும். சேர்ப்பவர் கடைசியில்தானே சேர்ப்பார். அதனால் பட்டியலில் முதலில் வருவதுதான் முக்கியம் என்று நினைக்க வேண்டாம்.

---

நொய்யல்

சுமதி அக்கா, தேடிப் பார்த்தேன். அதே நிறுவனம் போன வருஷம் போட்ட "மெர்ச்சண்டைசர்" விளம்பரமும், ஒரு குவாலிட்டி விளம்பரமும் கிடைத்தன. மெர்ச்சண்டைசர் விளம்பரத்தில் முதல் ஐந்து வரியும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. டிஎன்ஏ வரியில் மட்டும் "பின்தொடர்வது" என்று இருந்தது, இப்போது "தேதிப்படி முடித்து வாங்குவது". ஆறாவதும் ஏழாவதும் அதில் இல்லவே இல்லை. தகுதியில் "நெருக்கடியிலும் வேலை செய்யத் தெரிந்தவர்" என்று மட்டும் இருந்தது. "பல ஸ்டைல்களின் தேதிகள்" புதிது.

---

பனியன்காரர்

பாருங்கள், சுமதி மேடம் சொன்ன வழியிலும் அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். "நெருக்கடி" என்ற பழைய வாக்கியத்தை உடைத்து உள்ளே தேதியைச் சொருகியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் மாற்றியிருக்கிறார். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் அங்கே ஏதோ ஷிப்மெண்ட் இடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

சுமதி_எச்ஆர்

இடித்திருக்கலாம். புதிதாக வந்த ஜெனரல் மேனேஜர் வேறு இடத்தில் பட்டதை மனதில் வைத்து எழுதினதாகவும் இருக்கலாம். "உங்கள் தாமதப் பிரச்சினையைத் தீர்க்கிறேன்" என்று மட்டும் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள் நொய்யல். அவர்களிடம் பிரச்சினை இருப்பதாக நீங்கள் முடிவு கட்டினது போல் ஆகிவிடும். உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள், பொருத்தத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

---

லீட்ஸ்_நர்ஸ்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் இங்கிலாந்தில் நர்ஸ். இங்கே என்எச்எஸ் அரசு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்த அனுபவத்தில் சொல்கிறேன், எதையுமே விடக்கூடாது. விளம்பரத்தோடு "பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்" என்று ஒரு அட்டவணை வரும். கட்டாயம் வேண்டியவை ஒரு பக்கம், இருந்தால் நல்லது என்பவை ஒரு பக்கம். சிலவற்றில், இது விண்ணப்பத்தில் பார்க்கப்படும், இது நேர்காணலில் பார்க்கப்படும் என்றுகூடப் போட்டிருக்கும். ஷார்ட்லிஸ்ட் செய்பவர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மதிப்பிடுவார்கள். கட்டாயம் என்று போட்ட ஒன்றைத் தொடாமல் விட்டால் மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழித்துவிட வாய்ப்பு இருக்கிறது. நான் அதே வரிசையில், அதே தலைப்புச் சொற்களோடு எழுதித்தான் பேண்ட் 6-க்கு அழைப்பு வாங்கினேன். அதனால் நொய்யல் முதலில் எழுதின மாதிரி எல்லாவற்றையும் தொடுவதுதான் பாதுகாப்பு.

---

பனியன்காரர்

உங்கள் ஊரில் அது சரிம்மா. அங்கே படிப்பவர் கையில் மதிப்பெண் தாள் இருக்கிறது. எதற்கு எவ்வளவு இடம் என்பதையும் பாதி அந்த அட்டவணையே சொல்லிவிடுகிறது. நேர்காணலில் பார்ப்போம் என்றதை விண்ணப்பத்தில் நீட்ட வேண்டியதில்லை, விண்ணப்பத்தில் பார்ப்போம் என்றதற்குத்தான் சான்று வேண்டும். திருப்பூரில் தனியார் கம்பெனியில் அப்படித் தாள் வைத்துக்கொண்டு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. மேனேஜர் பிபி சாம்பிளுக்குக் கமெண்ட் எழுதிக்கொண்டே ஒரு கண்ணால் கடிதத்தைப் பார்ப்பார். முதல் பத்தியில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கடிதம்.

---

லீட்ஸ்_நர்ஸ்

அப்படியானால் படிப்பவர் எப்படிப் படிப்பார் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும் போல. இங்கேயும் சின்ன தனியார் கேர் ஹோம் விளம்பரங்களில் அந்த அட்டவணை இருக்காது. அவற்றுக்கும் நான் அதே பாணியில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், யோசிக்க வேண்டும்.

---

மாசிவீதி

எனக்கும் ஒரு உதவி. மதுரையில் ஒரு விளம்பரம்: "அக்கவுண்டண்ட் தேவை. டாலி, ஜிஎஸ்டி தெரிந்தவர். சம்பளம் பேசிக்கொள்ளலாம்." மொத்தமே இவ்வளவுதான். இதை எப்படி நுணுக்கிப் படிப்பது?

---

சுமதி_எச்ஆர்

இதில் படிக்க அதிகம் இல்லை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது. டாலி என்பது வாசல், ஒரு வரி போதும். ஜிஎஸ்டிக்குத்தான் இடம் கொடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள், 3பி இருபதாம் தேதிக்குள் போக வேண்டும். அதற்கு முன் 2பி-யில் வந்திருக்கும் இன்புட் கிரெடிட்டைக் கொள்முதல் பில்லோடு ஒத்துப்பார்த்து, சப்ளையர் ஏற்றாமல் விட்ட பில்லைத் துரத்த வேண்டும். அந்தத் துரத்தலை நீங்கள் செய்திருந்தால் அதையே எழுதுங்கள். முதலாளிக்குக் கையிலிருந்து பணம் போவது அங்கேதான். விளம்பரத்தில் ஃபோன் நம்பர் இருந்தால் கூப்பிட்டு, "இப்போது ஜிஎஸ்டி வேலையை ஆடிட்டர் பார்க்கிறாரா, கடையிலேயே பார்க்கிறீர்களா" என்று கேளுங்கள். ஆடிட்டர்தான் தாக்கல் செய்கிறார் என்றால் உங்கள் வேலை பில்களை ஒழுங்காக ஏற்றிக் கொடுப்பது, கடிதமும் அதற்கேற்ப மாறும்.

---

நொய்யல்

நான் மறுபடி எழுதிப் பார்க்கிறேன். தேதிக்கு என்னிடம் ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. ஜிஓடிஎஸ் விஷயத்தில்தான் தயக்கம். முழுசாக நான் கையாண்டதில்லை. எங்கள் நிறுவனத்தில் டாக்குமெண்டேஷன் ஆள் தனியாக இருக்கிறார், நான் அவருக்கு விவரங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தில் அது புதிதாக வந்த வரி, ஆனால் என் அனுபவம் அதில் குறைவு. இதற்கு எவ்வளவு இடம்?

---

பனியன்காரர்

இது நல்ல கேள்வி. அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஒரு பக்கம், உங்களால் எவ்வளவு காட்ட முடியும் என்பது மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும். தேதி விஷயத்தில் இரண்டும் கூடி வருகிறது, அதனால் கடிதத்தில் பாதி அதற்கு. ஜிஓடிஎஸ் அவர்களுக்கு முக்கியம், உங்களிடம் பாதி இருக்கிறது. அப்படி இருப்பதை ஒளிக்கவும் கூடாது, ஊதவும் கூடாது. நாலைந்து வரியில், நீங்கள் கைவைத்த பகுதியை மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள்.

என்ன எடுத்துக் கொடுத்தீர்கள்? நூல் சப்ளையரிடமிருந்து அந்த நூலுக்கான டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட் வாங்கினீர்களா? இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எடை சரிபார்த்தீர்களா? சாயப்பட்டறை, பிரிண்டிங் யூனிட்டின் ஜிஓடிஎஸ் சான்று செல்லுபடியில் இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும் முன் பார்த்தீர்களா? கடைசியாகச் சொன்னது பெரிய விஷயம். சான்று இல்லாத யூனிட்டில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அந்த சரக்குக்குச் சர்டிஃபிகேட் கிடைக்காது, ஆர்கானிக் லேபிளோடு அனுப்ப முடியாது. தேதிக்காக அவசரப்பட்டு வேறு பட்டறைக்கு மாற்றும்போதுதான் இது நடக்கும்.

இப்போது விளம்பரத்தை மறுபடி பாருங்கள். தாமதமானால் "மாற்று வழி" சொல்ல வேண்டும் என்கிறார்கள், அடுத்த வரியிலேயே ஜிஓடிஎஸ். ஆர்கானிக் ஆர்டரில் மாற்று வழி என்பது நினைத்த பட்டறைக்கு அனுப்புவது இல்லை. இந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று தொடுகின்றன. அதைத் தெரிந்தவர் எழுதின கடிதம் என்று மேனேஜருக்குப் புரிந்தால் போதும்.

---

நொய்யல்

அண்ணா, இரண்டையும் நான் தனித்தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறைச் சான்று பார்த்ததுண்டு, நூல் சர்டிஃபிகேட்டும் துரத்தி வாங்கியிருக்கிறேன். சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிப்பது மட்டும் நான் செய்ததில்லை.

புது வரைவின் நடுப்பகுதி இது:

> "சென்ற ஆண்டு மூன்று கலர்களில் 18,000 பீஸ் கொண்ட ஒரு ஆர்டரில், நேவி கலரின் லேப் டிப் ஒப்புதலாகியும் பல்க் துணி இரண்டு முறை ஷேடில் தவறியது. டிஎன்ஏவில் கட்டிங்குக்கு ஒதுக்கிய நாள் தாண்டும் என்று இரண்டாவது முறையே தெரிந்தது. அன்றே பையருக்கு எழுதி, மற்ற இரண்டு கலர்களை முதலில் தைத்து அனுப்பவும், நேவியை அடுத்த கப்பலில் அனுப்பவும் ஒப்புதல் வாங்கினேன். அதற்கேற்ப பிரிண்டிங் யூனிட்டின் தேதியையும் முன்னுக்கு மாற்றினேன். ஆர்டர் முழுவதும் கடல் வழியே போனது.
>
> ஆர்கானிக் ஆர்டர்களில் டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிப்பதை எங்கள் டாக்குமெண்டேஷன் பிரிவு செய்கிறது. அதற்கு முன், நூல் சப்ளையரின் சர்டிஃபிகேட்டை வாங்குவதும், சாயம், பிரிண்டிங் யூனிட்டுகளின் சான்று செல்லுபடியில் இருப்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்ப்பதும் என் பொறுப்பு. தேதி நெருங்கும்போது மாற்று யூனிட் தேடுவதும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே."

இதற்கு முன் இரண்டு வரி அறிமுகம். இதற்குப் பின் சாம்பிள் ஒப்புதல், பையர் தொடர்பு, காஸ்டிங் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு வரி. ஆங்கிலம் பற்றி எதுவும் எழுதவில்லை.

---

பனியன்காரர்

ஆங்கிலத்தை விட்டது சரி. கடிதமே ஆங்கிலத்தில்தானே போகிறது, அதைப் படித்தாலே தெரிந்துவிடும். முதல் பத்தியில் ஒன்று மட்டும் சேர்க்கலாம். மூன்று கலரையும் சேர்த்து ஒரே பேக்கில் அனுப்ப வேண்டிய ஆர்டரா, தனித்தனி கலரா? அசார்ட்டட் பேக் என்றால் பிரித்து அனுப்பவே முடியாது, படிப்பவருக்கு உடனே அந்தச் சந்தேகம் வரும். "சாலிட் பேக்" என்ற இரண்டு சொல் போட்டுவிடுங்கள்.

---

கீவேர்ட்_கார்த்தி

குழந்தைகள் ஆடை? அது விளம்பரத்தின் முதல் வரியிலேயே இருக்கிறதே, கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

---

பனியன்காரர்

கார்த்தி பிடித்தது சரி. "இருந்தால் நல்லது" என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் அங்கே நடக்கிற தொழிலே அதுதான். அனுபவம் இல்லையென்றால் ஒரு வரி போதும். ஆண்கள் டி-ஷர்ட்டிலிருந்து குழந்தைகள் ஆடைக்குப் போகும்போது என்ன மாறும் என்று தெரிந்ததைக் காட்டுகிற வரியாக அது இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு என்றால் கயிறு, நாடாவுக்கு ஈஎன் 14682 இருக்கிறது. ஸ்னாப் பட்டன் பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க புல் டெஸ்ட் இருக்கிறது. இவை சாம்பிள் கட்டத்திலேயே பார்க்க வேண்டியவை. படித்துத் தெரிந்துகொண்டது என்றால் அப்படியே சொல்லுங்கள், செய்தது போல் எழுதாதீர்கள்.

---

வாழைத்தோப்பு

நான் முன்னே சொன்னதை விடுங்கள், ஆனால் அந்த நாலு வருஷத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் பயோடேட்டாவில் கண்டுபிடிப்பதைவிட, "நாலு வருஷம்தான், ஆனால்" என்று நேரே எழுதினால் நாணயமாக இருக்கும்.

---

சுமதி_எச்ஆர்

எனக்கு அதில் சம்மதம் இல்லை. பயோடேட்டாவில் தேதிகள் தெளிவாக இருக்கின்றன, அங்கே ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கடிதத்தில் "ஆனால்" என்று தொடங்கினால் படிப்பவரின் கவனத்தை நீங்களே குறைக்குத் திருப்புகிறீர்கள். ஒரே பக்கத்தில் அதற்கு இரண்டு வரி போவது வீண். தவிர, 5–7 என்று போடுவது பெரும்பாலும் சம்பளத்துக்கான எல்லை. நாலு வருஷக்காரரைக் கூப்பிடச் சொல்லி எங்களிடம் கேட்ட கம்பெனிகள் உண்டு, கட்டாயம் ஐந்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினவையும் உண்டு.

---

பனியன்காரர்

நான் வாழைத்தோப்பு பக்கம்தான் சாய்வேன், ஆனால் பாதி. மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். அறிமுக வரியில் "நிட்ஸில் நான்கு ஆண்டுகள்" என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். என் மேசையில் வருஷத்தைச் சொல்லாத கடிதம் வந்தால் நான் பயோடேட்டாவைப் புரட்டுவேன், அங்கே குறைவாக இருந்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். எல்லா மேனேஜரும் அப்படியா என்றால் சொல்ல முடியாது.

---

நொய்யல்

அறிமுகத்தில் போட்டுவிடுகிறேன், விளக்கம் இல்லாமல். இது சாலிட் பேக்தான், அதையும் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று: உடனே சேரக்கூடியவருக்கு முன்னுரிமை என்கிறார்கள், எனக்கு இரண்டு மாத நோட்டீஸ். இதுவும் வாசல் வகைதானா, இல்லை கடிதத்தில் சொல்ல வேண்டியதா?

---

சுமதி_எச்ஆர்

வாசல்தான், ஆனால் பயோடேட்டாவில் பொதுவாக இது இருக்காது என்பதால் கடிதத்தின் கடைசி வரியில் போடுங்கள். அதற்கு முன், நோட்டீஸை ஒரு மாதமாகக் குறைத்து மீதிக்குச் சம்பளம் பிடித்துக்கொள்வது பற்றி உங்கள் அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், எச்ஆரிடம் நேரே போய்க் கேட்காதீர்கள். அதில் "சம்பளம் செலுத்தி விடுபடலாம்" என்று இருந்தால் "30 நாளில் சேர முடியும்" என்று எழுதலாம். இல்லையென்றால் 60 என்றே எழுதுங்கள்.

---

நொய்யல்

பார்த்தேன், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும் என்று இருக்கிறது. 60 என்றே போடுகிறேன். நாளைக் காலை அனுப்புகிறேன்.

---

மாசிவீதி

சுமதி மேடம், கூப்பிட்டுக் கேட்டேன். தாக்கல் ஆடிட்டர்தான் செய்கிறாராம், ஆனால் சப்ளையர் பில் ஏற்றாத சண்டை மாதாமாதம் கடையில்தான் நடக்கிறதாம். இப்போதைய ஆள் அதைப் பார்ப்பதில்லை என்று அவர்களே சொன்னார்கள். கடிதம் முழுக்க 2பி பற்றியே எழுதலாமா?

---

சுமதி_எச்ஆர்

முழுக்க வேண்டாம், முக்கால்வாசி எழுதுங்கள். பில் ஏற்றுவதும் பேங்க் ஸ்டேட்மெண்ட் ஒத்துப்பார்ப்பதும் தினசரி வேலையாக இருக்கும், அதற்கும் இரண்டு வரி வேண்டும். இப்போதைய ஆள் பார்ப்பதில்லை என்று அவர்கள் சொன்னதை மட்டும் கடிதத்தில் எடுத்து எழுதாதீர்கள்.